என்.டி.ஏ. போட்டுச் செய்த வேலையை வேலை விண்ணப்பத்தில் எழுதுவது எப்படி? கிளையன்ட் யாரென்று தெரியக் கூடாது

வெண்பனி

வணக்கம். ஒரு சேவை நிறுவனத்தில் பேக்கெண்ட் வேலை பார்க்கிறேன். முழு நேரமும் ஒரே கிளையன்ட்டின் புராஜெக்ட்தான். எங்கள் நிறுவனத்துக்கும் அவர்களுக்கும் என்.டி.ஏ. இருக்கிறது. நானும் சேரும்போது ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது வேறு இடத்துக்கு விண்ணப்பிக்க ரெஸ்யூமே எழுதுகிறேன். கிளையன்ட் பெயரை எடுத்துவிட்டேன், இப்போது இப்படி இருக்கிறது:

"நாட்டின் மூன்றாவது பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கு, கிளெய்ம் தீர்வு அமைப்பை ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றினேன். நாளொன்றுக்கு 41,200 கிளெய்ம்கள். இரவு பேட்ச் 11 மணி நேரத்திலிருந்து 2 மணி 10 நிமிடமாகக் குறைந்தது. 2022 மார்ச்சில் நடந்த 6 மணி நேர முடக்கத்தின் மூல காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன்."

துறை, எண்கள், தேதி எல்லாவற்றையும் மாற்றித்தான் இங்கே போட்டிருக்கிறேன். வரிகளின் அமைப்பு மட்டும் என் ரெஸ்யூமேயில் உள்ளபடியே. இது போதுமா?

வரிக்குதிரை

பெயர் இல்லை என்றால் பிரச்சினை இல்லை. இன்னும் பயமாக இருந்தால் எண்களைச் சதவீதமாக மாற்றிவிடுங்கள், சதவீதத்திலிருந்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. தவிர, என்.டி.ஏ. எல்லாம் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடக் கணக்குதான். காலம் முடிந்ததும் பெயரையே போடலாம்.

பழையகோப்பு

வரிக்குதிரை சொன்ன மூன்றுமே பாதி சரி. அந்த மற்றப் பாதியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் காலம். பல ஒப்பந்தங்களில் இரண்டு கடிகாரங்கள் ஓடும். தகவல் பரிமாற்றம் எத்தனை ஆண்டு நடக்கும் என்பது ஒன்று. அப்படிப் பெற்ற தகவலை எத்தனை ஆண்டு காக்க வேண்டும் என்பது இன்னொன்று. "இந்த ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும்" என்ற வரியைப் படித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். கீழேயே "கடமைகள் ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஐந்து ஆண்டுகள் தொடரும்" என்று இருக்கும். வணிக ரகசியமாக இருப்பவற்றுக்கு, அவை ரகசியமாக இருக்கும் வரை கடமை தொடரும் என்றும் பல ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள். வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட தகவல் என்றால் அது ஒப்பந்தக் காலத்தைப் பொறுத்ததே இல்லை, சட்டம் தனியாகக் கட்டுப்படுத்தும்.

அடுத்தது பெயர். வெண்பனி, உங்கள் முதல் வரியில் பெயர் இல்லை என்கிறீர்கள். ஆனால் "நாட்டின் மூன்றாவது பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனம்" என்பதே பெயர்தான். தரவரிசைப் பட்டியல் பொதுவெளியில் இருக்கும் எந்தத் துறையிலும் வரிசை எண்ணைச் சொல்வது பெயரைச் சொல்வதற்குச் சமம். "முதல்", "மிகப் பெரிய", "ஒரே" என்று தொடங்கும் எல்லா வருணனைக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பார்த்து "இதில் ஒன்றும் தெரியாது" என்று முடிவு செய்வது. படிக்கிறவர் சேர்த்துத்தான் படிப்பார். துறை, ஊர், ஆண்டு, ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறிய செய்தி, இந்த நான்கும் சேர்ந்தால் அதே துறையில் இருக்கும் ஒருவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். நீங்கள் விண்ணப்பிப்பதும் அநேகமாக அதே துறைக்குத்தான்.

ஊமைக்குயில்

எனக்கும் இதே பிரச்சினை. நான் வேலை தேடுவது இப்போதைய மேனேஜருக்குத் தெரியக் கூடாது. ரெஸ்யூமேயில் இப்போதைய நிறுவனத்தின் பெயரை மறைக்கலாமா?

தேர்வாளர்27

ஊமைக்குயில், நீங்கள் கேட்பது வேறு விஷயம். உங்கள் தேடலை ரகசியமாக வைப்பதற்கு, வேலைத் தளத்தில் சுயவிவரத்தை யார் பார்க்கலாம் என்ற அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். இப்போதைய நிறுவனத்தை அழைக்க வேண்டாம் என்று விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். அதைப் பெரும்பாலும் மதிப்பார்கள். நிறுவனத்தின் பெயரை முழுதாக மறைத்தால் பின்னணிச் சரிபார்ப்பில் சிக்கல்தான் வரும்.

வெண்பனிக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. உங்களுக்குச் சம்பளம் தருவது சேவை நிறுவனம். சரிபார்ப்பில் பார்ப்பது அந்த நிறுவனம், பதவி, சேர்ந்த தேதி, இவைதான். கிளையன்ட் பெயர் இல்லாததால் அங்கே எந்த ஓட்டையும் விழாது. எனவே மேலே முதலாளியின் பெயரைத் தெளிவாக எழுதுங்கள், கீழே புராஜெக்ட் வருணனையில் மட்டும் கவனமாக இருங்கள்.

வெண்பனி

நன்றி. அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? எங்கள் நிறுவனமும் கிளையன்ட்டும் போட்ட ஒப்பந்தத்தை நான் பார்த்ததே இல்லை. கையில் இருப்பது என் பணி ஒப்பந்தம் மட்டும்.

பழையகோப்பு

அதையே எடுங்கள். பெரும்பாலும் "நிறுவனத்தின் கிளையன்ட்களிடமிருந்து பெறும் தகவலும் இதில் அடங்கும்" என்று ஒரு வரி இருக்கும். அதன் வழியாகத்தான் நீங்கள் பார்க்காத ஒப்பந்தமும் உங்களைக் கட்டுகிறது. நான்கு இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, ரகசியத் தகவலின் வரையறை. "ரகசியம் என்று முத்திரையிட்டவை மட்டும்" என்று குறுகலாக இருக்கிறதா, "தன்மையால் ரகசியம் என்று நியாயமாகக் கருதக்கூடிய அனைத்தும்" என்று அகலமாக இருக்கிறதா? பணி ஒப்பந்தங்களில் பின்னதுதான் அதிகம்.

இரண்டு, விலக்குகள். பொதுவெளியில் ஏற்கெனவே உள்ளவை, நீங்கள் முன்பே அறிந்தவை ஆகியவற்றுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. சிலவற்றில் நினைவில் தங்கிய பொதுவான அறிவையும் திறனையும் பயன்படுத்தலாம் என்று தனியாகவே இருக்கும். அப்படி இருந்தால் உங்களுக்கு நல்லது.

மூன்று, பெயரைப் பயன்படுத்துவது பற்றிய பிரிவு. இது ரகசியப் பிரிவில் இருக்காது, விளம்பரம் என்ற தலைப்பில் வேறு எங்கோ இருக்கும். ரகசியமே இல்லாவிட்டாலும் பெயரையும் லோகோவையும் எழுத்துமூல அனுமதி இல்லாமல் போடக் கூடாது என்று சொல்லும்.

நான்கு, உறவே ரகசியமா என்பது. சில ஒப்பந்தங்களில் இப்படி ஒரு ஒப்பந்தம் இருப்பதையே சொல்லக் கூடாது. அப்படியானால் "ஒரு கிளையன்ட்டுக்காக" என்பதற்கு மேல் துறையைக்கூடத் தொட வேண்டாம்.

கிளையன்ட் ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னால் தர மாட்டார்கள். ஆனால் "இந்த கிளையன்ட்டின் பெயரை வெளியே சொல்லலாமா?" என்ற கேள்விக்குச் சட்டப் பிரிவோ கணக்கு மேலாளரோ பதில் சொல்வார்கள். உங்கள் நிறுவனத்தின் இணையதளத்திலேயே வாடிக்கையாளர் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் உறவு ரகசியம் இல்லை. அவர்களின் உள் அமைப்பு அப்போதும் ரகசியம்தான், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வரிக்குதிரை

அப்போ சதவீதம்? அதில் என்ன தப்பு? "80 சதவீதம் குறைத்தேன்" என்று போட்டால் அடிப்படை எண் யாருக்கும் தெரியாதே.

பழையகோப்பு

அடிப்படை எண் வெளியே தெரியாத இடத்தில் நீங்கள் சொல்வது சரி. 11 மணி நேரம் என்பது 660 நிமிடம். 2 மணி 10 நிமிடம் என்பது 130 நிமிடம். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. "ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தேன்" என்று எழுதினால் பேட்ச் எவ்வளவு நேரம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது, உங்கள் வேலையின் அளவு மட்டும் தெரியும். இங்கே விகிதம் நன்றாகவே வேலை செய்கிறது.

ஆனால் "கிளையன்ட்டின் ஆண்டு கிளெய்ம் செலவை 4 சதவீதம் குறைத்தேன்" என்று எழுதினால்? பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் என்றால் மொத்தச் செலவு ஆண்டறிக்கையில் அச்சாகியிருக்கும். அதை 4 சதவீதத்தால் பெருக்கினால், அவர்கள் எங்கும் வெளியிடாத தொகை கையில் கிடைத்துவிடும். அடிப்படை பொதுவெளியில் இருந்தால் சதவீதம் எதையும் மறைப்பதில்லை.

இதே காரணத்தால்தான் 41,200 என்ற எண்ணும் ஆபத்து. நாள் கணக்கை 365ஆல் பெருக்கினால் சுமார் 1.5 கோடி வருகிறது. ஆண்டறிக்கையில் அதற்கு அருகில் ஒரு எண் இருந்தால் நிறுவனம் தெரிந்துவிடும். "தினமும் பல்லாயிரம் பதிவுகள்" போதும். படிக்கிறவருக்கு வேண்டியது வரிசை அளவு மட்டுமே: நூறா, ஆயிரமா, லட்சமா என்பது.

தூரிகை

இடையில் என் கேள்வி. நான் ஓவியர், வெளியாகாத ஒரு கேமுக்குக் கதாபாத்திரங்கள் வரைந்தேன். கேம் கைவிடப்பட்டுவிட்டது, இனி வெளிவரவே போவதில்லை. போர்ட்ஃபோலியோவில் கடவுச்சொல் போட்டு, கேட்பவர்களுக்கு மட்டும் காட்டலாமா? எங்கள் துறையில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பழையகோப்பு

தூரிகை, கடவுச்சொல் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைக் குறைக்கும். பார்க்கலாம் என்ற அனுமதியைத் தராது. ஒப்பந்தம் "மூன்றாம் நபருக்கு வெளிப்படுத்தக் கூடாது" என்கிறது. நீங்கள் கடவுச்சொல் கொடுக்கும் கலை இயக்குநரும் மூன்றாம் நபர்தான், அதுவும் அநேகமாகப் போட்டி நிறுவனத்தவர். கேம் கைவிடப்பட்டது என்பதால் கதாபாத்திரங்களின் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. அதே வடிவமைப்பை அவர்கள் வேறொன்றில் பயன்படுத்தலாம்.

உங்களுக்கு உள்ள வழி வேறு. அந்த வேலையில் காட்டிய திறனை மட்டும் எடுத்து, புதிதாக ஒரு கற்பனைக் கதாபாத்திரத்தை முகப்பு, பக்கம், பின்புறம் என்ற அதே தாள் வடிவத்தில் வரையுங்கள். கதை, பெயர், உடை எதுவும் பழையதைத் தொடக் கூடாது. கைவிடப்பட்ட புராஜெக்ட் என்பதால் அனுமதி கேட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை. இரண்டு மூன்று படங்களைக் குறிப்பிட்டுக் கேட்டால் சில ஸ்டுடியோக்கள் தருகின்றன.

தூரிகை

எல்லோரும் செய்வதை நான் மட்டும் செய்யாமல் இருந்தால் நஷ்டம் எனக்குத்தானே. இதை முழுதாக ஏற்க முடியவில்லை. ஆனால் மூன்று படங்களைக் குறிப்பிட்டுக் கேட்பதைச் செய்து பார்க்கிறேன்.

தேர்வாளர்27

ஆள் எடுக்கும் பக்கத்திலிருந்து ஒன்று. ஒருவர் முந்தைய கிளையன்ட்டின் உள் விவரத்தை நேர்காணலில் அவிழ்த்துவிட்டால், எங்கள் விவரத்தையும் நாளை அப்படியே சொல்வார் என்றுதான் நினைப்போம். அதற்காகவே நிராகரிக்கும் குழுக்கள் உண்டு.

மறுபக்கமும் இருக்கிறது. ரெஸ்யூமேயில் ஒவ்வொரு வரியிலும் "ரகசியம்", "பெயர் வெளியிட இயலாது" என்று போட்டால் அலுப்பு வரும். எதையோ மறைக்கிறார் என்ற எண்ணமும் வரும். புராஜெக்ட் தலைப்பில் ஒரே ஒரு முறை "கிளையன்ட் பெயர் ரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்டது" என்று போதும். எங்களுக்கு உண்மையில் கிளையன்ட் பெயர் தேவையே இல்லை. என்ன சிக்கல், அதில் உங்கள் பங்கு எது, ஏன் அந்த வழியைத் தேர்ந்தீர்கள், சரியாக வேலை செய்கிறது என்று எப்படி உறுதி செய்தீர்கள், இவைதான் தேவை. வெண்பனியின் வரைவில் பெயரை ஊகிக்க வைக்கும் எல்லாமும் இருக்கிறது. எப்படிச் செய்தார் என்று ஒரு சொல்கூட இல்லை.

ஆன்லைன் படிவத்தில் கிளையன்ட் பெயருக்குக் கட்டாயப் பெட்டி இருந்தால் அதில் "ரகசிய ஒப்பந்தம்" என்று எழுதுங்கள். கற்பனைப் பெயரை எழுதிவிடாதீர்கள். "மேற்கண்டவை உண்மை" என்று கையொப்பமிடும் படிவம் அது.

பழையகோப்பு

தேர்வாளர் சொன்னதுதான் மையம். எப்படிச் செய்தீர்கள் என்பது உங்கள் சொத்து, யாருக்குச் செய்தீர்கள் என்பதும் அவர்கள் வீட்டுக்குள் என்ன இருந்தது என்பதும் அவர்கள் சொத்து. வெண்பனி, பேட்ச் நேரம் எதனால் குறைந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியுமா? அட்டவணைப் பெயர், விதிகள் எதுவும் வேண்டாம்.

வெண்பனி

ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாக ஒரு க்வெரி ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தொகுப்பாக ஒரே க்வெரியில் செய்யும்படி மாற்றினேன். பெரிய அட்டவணையை மாதவாரியாகப் பிரித்தேன். பழைய அமைப்பையும் புதியதையும் இரண்டு மாத முடிவுகளுக்கு இணையாக ஓட்டி, தொகைகளை ஒப்பிட்ட பிறகுதான் மாறினோம்.

பழையகோப்பு

இதில் ஒரு சொல்கூட அவர்களுடைய ரகசியம் இல்லை. தரவுத்தளம் தெரிந்த எவரும் அறிந்த முறைகள். நான் இப்படி எழுதுவேன்:

"நிதிச் சேவைத் துறை கிளையன்ட் (பெயர் ரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்டது). தினமும் பல்லாயிரம் பரிவர்த்தனைகளைக் கையாளும் அமைப்பை வணிகத் தரவுத்தளத்திலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றிய குழுவில், இரவு பேட்ச் பகுதிக்கு நான் பொறுப்பு. பதிவுக்கொரு க்வெரியாக இருந்ததைத் தொகுப்புச் செயலாக்கமாக மாற்றி, பெரிய அட்டவணைகளை மாதவாரியாகப் பிரித்து, ஓடும் நேரத்தை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தேன். மாற்றத்துக்கு முன் இரு அமைப்புகளையும் இரண்டு மாத முடிவுகளுக்கு இணையாக ஓட்டித் தொகைகளை ஒப்பிட்டேன்."

மருத்துவக் காப்பீடு "நிதிச் சேவை" ஆனது. ஒரு படி மேலே போனால் பொருந்தும் நிறுவனங்கள் பல மடங்காகின்றன, ஆனால் பொய் இல்லை. இன்னொரு படி மேலே போய் "பெரிய நிறுவனம்" என்றால் வேலைக்கு எந்தத் தொடர்பும் தெரியாமல் போகும். பழைய தரவுத்தளத்தின் பெயரையும் எடுத்திருக்கிறேன். புதியது எது என்பது உங்கள் திறன், அதை வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் முடக்கத்தை முழுதாக நீக்கிவிட்டேன். அதை இன்னும் மென்மையாக எழுதலாமே என்று தோன்றும், வேண்டாம். நான்கு வரிகளில் இதுதான் மிக ஆபத்தானது. தேதியும் கால அளவும் இருந்தால் அன்று வந்த வாடிக்கையாளர் புகார்களோடு யார் வேண்டுமானாலும் பொருத்திப் பார்க்கலாம். கிளையன்ட்டின் குறையைச் சொல்லும் எதுவும் தேதி இல்லாமலும் எழுதத் தகாது. கோளாறு கண்டறியும் திறனைக் காட்ட வேண்டுமானால், திறன்கள் பகுதியில் எந்த புராஜெக்ட்டோடும் இணைக்காமல் போடுங்கள்.

வரிக்குதிரை

சரி, சதவீத விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரெஸ்யூமேயில் இவ்வளவு பார்த்துவிட்டு ஆட்கள் ஃபைலில் கோட்டை விடுவார்கள். கிளையன்ட் கொடுத்த டெம்ப்ளேட்டில் தொடங்கிய வேர்ட் ஃபைலில் நிறுவனப் பெயர் உள்ளே அப்படியே இருக்கும். `.docx` என்பது ஒரு ஜிப் ஃபைல்தான், திறந்து பார்க்கலாம்:

```
unzip -p resume.docx docProps/core.xml
unzip -p resume.docx docProps/app.xml
```

முதலாவதில் எழுதியவர் பெயர், இரண்டாவதில் நிறுவனப் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு. பிடிஎஃப்பில் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருந்தால் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
pdftotext sample.pdf -
```

பட்டைக்கு அடியில் இருக்கும் எழுத்துகள் அப்படியே வெளியே வந்தால், நீங்கள் மறைக்கவே இல்லை என்று அர்த்தம்.

பழையகோப்பு

இதில் வரிக்குதிரை முழுக்கச் சரி. ஸ்கிரீன்ஷாட்டை மங்கலாக்கி வைப்பதும் இதே வகைதான். எழுத்து மங்கினாலும் நிறம், லோகோவின் வடிவம், மெனுவின் அமைப்பு எல்லாம் தெரியும். பெரிய கட்டங்களாக மங்கலாக்கிய எண்களை மீட்டெடுக்கவும் வழிகள் உண்டு. மங்கலாக்கிய பிறகும் அது அவர்களுடைய திரைதான். அதற்குப் பதிலாக நீங்களே கட்டங்களும் அம்புகளும் வைத்து ஒரு பொதுவான வரைபடம் போடுங்கள்.

வெண்பனி

அனுமதி கேட்பது பற்றி? கேட்டால் வேலை தேடுகிறேன் என்று தெரிந்துவிடுமே.

தேர்வாளர்27

அதனால் கேட்காமல் இருப்பதே நல்லது என்பேன். இப்போதுள்ள வரைவுக்கு அனுமதி தேவையே இல்லை.

பழையகோப்பு

நான் மாறுபடுகிறேன். வேலை தேடாத நேரத்தில், வருடாந்திர மதிப்பீட்டின்போது கேட்கலாம். "என் தொழில்முறைச் சுயவிவரத்தைப் புதுப்பிக்கிறேன், இந்த நான்கு வாக்கியங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று வாக்கியங்களையே ஒட்டி அனுப்புங்கள். "என் வேலையைப் பற்றி எழுதலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "வேண்டாம்" என்பதே எளிதான பதில். குறிப்பிட்ட வாக்கியங்கள் என்றால் ஆம் அல்லது ஒரு திருத்தம் வரும். பதில் மின்னஞ்சலில் இருக்க வேண்டும், வாய்மொழி போதாது.

தேர்வாளர்27

மதிப்பீட்டு நேரத்திலும் சந்தேகப்படும் மேலாளர்கள் உண்டு. அதை அவரவர் இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

வெண்பனி

நேர்காணலில் "கிளையன்ட் யார்?" என்று நேராகக் கேட்டால்?

தேர்வாளர்27

"பெயர் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சிக்கலையும் நான் எடுத்த வழியையும் விரிவாகச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, இடைவெளி விடாமல் இணை ஓட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். ஒரு பொறி இருக்கிறது. அவர்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி "அதுவா, இதுவா?" என்று கேட்பார்கள். சிலவற்றுக்கு "இல்லை" என்று சொல்லிவிட்டு, ஒன்றுக்கு மட்டும் "சொல்ல முடியாது" என்றால் அதுவே விடை. முதல் பெயரிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்லுங்கள்.

பழையகோப்பு

வேலைத் தளத்தில் உள்ள உங்கள் சுயவிவரத்தையும் ரெஸ்யூமேயோடு ஒப்பிடுங்கள். ரெஸ்யூமேயில் "நிதிச் சேவை" என்று எழுதிவிட்டு, அங்கே உங்கள் கூடவே வேலை பார்த்தவர் எழுதிய பரிந்துரையில் கிளையன்ட் பெயரோ புராஜெக்ட்டின் உள் பெயரோ இருந்தால் எல்லாம் வீண். பரிந்துரையை மறைக்கலாம், அல்லது எழுதியவரிடம் அந்தச் சொல்லை மட்டும் மாற்றச் சொல்லலாம்.

வெண்பனி

பார்த்தேன். ஒரு பரிந்துரையில் புராஜெக்ட்டின் உள் பெயர் இருக்கிறது, எழுதியவருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். பணி ஒப்பந்தத்தில் பெயர் பற்றிய பிரிவு "விளம்பரம்" என்ற தலைப்பில் 14ஆம் பக்கத்தில் இருந்தது. உறவே ரகசியம் என்று எதுவும் இல்லை. ஆனால் ரகசியத்தின் வரையறையில் "தொழில்நுட்ப அமைப்பு" என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அப்படியானால் போஸ்ட்கிரெஸ் என்பதையும் எடுக்க வேண்டுமா?

பழையகோப்பு

கிளையன்ட் யாரென்று தெரியாத வரை "போஸ்ட்கிரெஸில் வேலை செய்தேன்" என்பது உங்கள் திறனைப் பற்றிய கூற்று என்பது என் வாசிப்பு. ஆனால் அந்த வரையறை இவ்வளவு குறிப்பாக இருக்கும்போது, வழக்கறிஞர் ஒருவர் வேறு மாதிரி படிக்கலாம். போஸ்ட்கிரெஸைத் திறன்கள் பகுதிக்கு நகர்த்தி, புராஜெக்ட் வரியில் "திறந்த மூலத் தரவுத்தளத்துக்கு" என்று மாற்றினால் நீங்கள் இழப்பது மிகக் குறைவு.

தேர்வாளர்27

நகர்த்துங்கள், ஆனால் திறன்கள் பகுதியில் வெறும் பெயராக விடாமல் "போஸ்ட்கிரெஸ்: அட்டவணைப் பிரிப்பு, தொகுப்புச் செயலாக்கம்" என்று எழுதுங்கள். தேடல் வடிகட்டியிலும் விழும், படிக்கிறவருக்கும் புரியும்.